ஆண்டு முடிவுக் கணக்குக்காக இரவெல்லாம் உட்கார்ந்த கணக்காளருக்கு நன்றிக் கடிதம்: அதில் என்ன எழுதுவது?

உதிரிபாகம் · 6ஆம் தேதி, இரவு 9.50

எங்கள் நிறுவனம் சிறியது. இயந்திர உதிரிபாகங்களை வாங்கி விற்கிறோம். கணக்குப் பிரிவு என்று பலகை மாட்டியிருந்தாலும் அந்த அறையில் இருப்பவர் ஒரே ஒரு கணக்காளர்தான். ஆண்டுக் கணக்கை முடித்து வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யும்வரை அவர் பதினொரு இரவுகள் பத்து மணிக்கு மேல் அலுவலகத்தில் இருந்தார் என்று வாயிற்பதிவேடு சொல்கிறது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பாகவே படிவம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவருக்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். "தங்கள் அர்ப்பணிப்பும் அயராத உழைப்பும் நிறுவனத்திற்குப் பெருமை சேர்த்துள்ளன" என்று தொடங்கி முக்கால் பக்கம் எழுதி, திரும்பப் படித்தபோது, மேலே இருக்கும் பெயரை மட்டும் மாற்றினால் இதே கடிதத்தை எங்கள் ஓட்டுநருக்கும் கொடுக்கலாம் என்று தெரிந்தது. கணக்காளருக்கு என்று தனியாக என்ன எழுத வேண்டும்? கணக்கு வேலையில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.

அவசரக்காரன் · 6ஆம் தேதி, இரவு 10.15

பரிசுப்பொருளாகக் கொடுத்தால் அதை நிறுவனத்தின் செலவாகக் காட்டலாமா, அவருடைய வருமானத்தில் சேர்க்க வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். முதலில் அதைத் தீர்மானித்துவிட்டுப் பொருளை வாங்குங்கள்.

உதிரிபாகம் · 6ஆம் தேதி, இரவு 10.20

நான் கேட்டது கடிதத்தைப் பற்றி. பரிசு என்ற சொல்லையே நான் எழுதவில்லை.

பச்சை மை · 7ஆம் தேதி, காலை 6.30

முப்பது ஆண்டுகள் தணிக்கை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவர் பத்து மணிக்கு மேலும் இருந்தார் என்பது காவலாளிக்கும் தெரிந்த செய்தி. அதைக் கடிதத்தில் எழுதினால், விளக்கு எரிந்ததை மட்டும்தான் நீங்கள் கவனித்தீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். அந்த இரவுகளில் அவர் எதைத் தேடினார் என்று உங்களுக்குத் தெரியுமா? முதலில் போட்ட வரைவுக் கணக்கில் இருந்த இலாபத்துக்கும், படிவத்தில் கடைசியாகப் போன இலாபத்துக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம், அது எதனால் வந்தது என்று பாருங்கள். ஆண்டு முடிவு வேலை முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. அவருடைய பணிக் கோப்பில் ஒவ்வொரு திருத்தப் பதிவுக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆறு மாதம் கழித்து வந்து சோதிக்கும் அந்நியருக்கும் புரிய வேண்டும் என்று எழுதிய தாள் அது, உங்களுக்கும் புரியும்.

உதிரிபாகம் · 7ஆம் தேதி, இரவு 11.05

கோப்பை வாங்கிவந்து மூன்று மணி நேரம் படித்தேன். இவ்வளவு நாள் நான் கையொப்பமிட்ட எதையும் படித்ததில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவர் முதலில் சந்தேகப்பட்டது ஒரு விகிதத்தைப் பார்த்து. எங்கள் ஆண்டு விற்பனை 42 இலட்சம். சென்ற இரண்டு ஆண்டுகளிலும் மொத்த இலாபம் விற்பனையில் 24 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இந்த ஆண்டு வரைவில் 26 என்று வந்திருக்கிறது. விற்கும் விலையை நாங்கள் ஏற்றவில்லை, வாங்கும் விலையும் இறங்கவில்லை. நானாக இருந்தால் நல்ல ஆண்டு என்று மகிழ்ந்திருப்பேன். உண்மையில், வரைவு வந்த அன்று மகிழவும் செய்தேன். அவரோ அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் "2% = 84,000, எங்கிருந்து?" என்று எழுதி வைத்திருக்கிறார்.

அதன் பிறகு அவர் செய்ததைக் கோப்பிலிருந்து இப்படிப் புரிந்துகொண்டேன். பழைய ஆண்டின் கடைசிப் பத்து நாட்களில் கிடங்குக்குள் வந்த சரக்குகளின் வரவுச் சீட்டுகளை எல்லாம் எடுத்திருக்கிறார். மொத்தம் 63 சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் உரிய கொள்முதல் பில் எந்தத் தேதியில் கணக்கில் ஏறியிருக்கிறது என்று ஒன்றொன்றாக ஒத்துப் பார்த்திருக்கிறார். மூன்று சீட்டுகளுக்குப் பழைய ஆண்டில் பில் இல்லை: 52,000, 23,500, 8,500. கூட்டினால் சரியாக 84,000. சரக்கு ஆண்டின் கடைசி நாளுக்கு முந்தைய மாலையே வந்து அடுக்கில் ஏறிவிட்டது. கடைசி நாள் இரவு நாங்கள் இருப்பு எண்ணியபோது அதையும் சேர்த்து எண்ணிவிட்டோம். ஆனால் விற்றவர்கள் பில்லை நான்கு நாள் கழித்து அனுப்ப, அது பில் தேதியைப் பார்த்துப் புதிய ஆண்டின் கொள்முதலாக ஏறிவிட்டது. சரக்கு இந்த ஆண்டில், செலவு அடுத்த ஆண்டில்; நடுவில் 84,000 இல்லாத இலாபம்.

இதோடு அவர் நிற்கவில்லை. இதே தவறு எதிர்த்திசையிலும் நடந்திருக்கலாம் என்று, கடைசி நாளில் விற்பனை பில் போட்டும் வெளியே போகாமல் கிடங்கிலேயே கிடந்து இருப்பில் எண்ணப்பட்ட சரக்கு ஏதாவது உண்டா என்றும் பார்த்திருக்கிறார். அந்தத் தாளின் அடியில் "எதுவும் இல்லை" என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன. அதற்கும் ஓர் இரவு முழுவதும் போயிருக்கிறது.

கணக்குப்புலி · 8ஆம் தேதி, காலை 8.10

எல்லாக் கணக்குகளின் பற்றையும் வரவையும் கூட்டிப் பார்க்கும் இருப்பாய்வின் இரு பக்கமும் சமமாக வந்திருக்கும்தானே? சமமாக வந்தபின் இத்தனை தேடல் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மேலும் இது எளிய விஷயம். அந்த 84,000 சரக்கை இருப்பிலிருந்து கழித்திருந்தால் ஒரே பதிவில் இலாபம் சரியாகியிருக்கும். பில்லை முன்தேதியிட்டு ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

பச்சை மை · 8ஆம் தேதி, காலை 9.00

இலாபத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. இருப்பிலிருந்து கழித்தாலும், கொள்முதலில் சேர்த்தாலும் இலாபம் ஒன்றேதான். ஆனால் ஐந்தொகை பொய்யாகிவிடும். சரக்கு அவர்களுடைய அடுக்கில், அவர்களுடைய சொத்தாக இருக்கிறது. அதற்கான பணத்தை விற்றவர்களுக்குத் தர வேண்டிய பொறுப்பும் அன்றைக்கே பிறந்துவிட்டது. கழித்துவிட்டால் இரண்டும் மறைந்துபோகும். பில்லின் தேதியையும் யாரும் மாற்றவில்லை. பில் வராமல் சரக்கு மட்டும் வந்திருக்கிறது என்று காட்டி, தர வேண்டிய தொகையாக ஆண்டின் கடைசி நாளில் ஒரு பதிவு போடுவார்கள். புதிய ஆண்டில் அதைத் திருப்பிவிடுவார்கள்.

இருப்பாய்வு சமமாவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பில் பற்றிலும் ஏறவில்லை, வரவிலும் ஏறவில்லை என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைந்து, தராசு நேராகவே நிற்கும். விட்டுப்போன பதிவை இருப்பாய்வு ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. இவருக்கு அதைக் காட்டிக்கொடுத்தது விகிதம். விகிதத்தைப் பார்க்கும் பழக்கம் இல்லாத கணக்காளராக இருந்தால், சமமாகிவிட்டது என்று அன்று மாலை ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பார். நீங்களும் அவரைச் சுறுசுறுப்பானவர் என்று நினைத்திருப்பீர்கள்.

உதிரிபாகம் · 8ஆம் தேதி, இரவு 10.30

கோப்பில் எனக்கு விளங்காத இன்னொன்று இருக்கிறது. வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய மொத்தம் பேரேட்டில் ஒரு தொகையாக இருக்கிறது. விற்பனைப் பிரிவு வாடிக்கையாளர் வாரியாகத் தனிப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதன் கூட்டுத்தொகை பேரேட்டைவிட 270 அதிகம். வெறும் 270. இதற்காக அவர் இரண்டு இரவுகள் செலவழித்ததாகத் தெரிகிறது. அப்போது நானே அவரிடம், "மேடம், 270-ஐ என் பையிலிருந்து தந்துவிடுகிறேன், வீட்டுக்குப் போங்கள்" என்று வேடிக்கையாகச் சொன்னது நினைவுக்கு வருகிறது. அவர் சிரிக்கவில்லை.

கணக்குப்புலி · 8ஆம் தேதி, இரவு 10.45

270 ஒன்பதால் வகுபடும். அப்படியானால் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள். 8,630 என்பதை 8,360 என்று எழுதினால் வித்தியாசம் சரியாக 270. கணக்குத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. இதற்கு இரண்டு இரவுகள் ஆயின என்றால், மன்னிக்கவும், உங்கள் கணக்காளருக்கு அந்த விதி தெரியவில்லை.

பச்சை மை · 9ஆம் தேதி, காலை 6.15

இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும் என்பது உண்மை. ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும் என்பது அதன் தலைகீழ், அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சுழியம் விட்டுப்போய் 300 என்பது 30 ஆனாலும் வித்தியாசம் 270தான். எந்தக் காரணமும் இல்லாமல் வரும் எண்களிலும் ஒன்பதில் ஒன்று ஒன்பதால் வகுபடத்தான் செய்யும். தேடலை எங்கே தொடங்கலாம் என்று அந்த விதி சொல்லும். அதை வைத்துத் தேடலை முடித்துக்கொள்ளக் கூடாது. உதிரிபாகம் அவர்களே, அந்தத் தாளின் அடுத்த பக்கத்தைப் பாருங்கள்.

உதிரிபாகம் · 9ஆம் தேதி, இரவு 9.20

அடுத்த பக்கம் கோப்பில் வேறிடத்தில் சொருகியிருந்தது. தேடி எடுத்தேன். முதல் இரவு அவரும் ஒன்பதின் விதியைத்தான் பிடித்துக்கொண்டு, இடம் மாறிய இலக்கத்தை நாற்பது பக்கம் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. ஆகவே கணக்குப்புலி அவர்களே, விதி அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால்தான் ஓர் இரவு வீணானது.

இரண்டாவது இரவில் கிடைத்தது இதுதான். ஒரு வாடிக்கையாளர் செலுத்திய 15,000 விற்பனைப் பிரிவின் பட்டியலில் ஏறவில்லை. அதனால் பட்டியல் 15,000 கூடுதலாக நின்றது. வேறொரு வாடிக்கையாளருக்குப் போட்ட 14,730 பில்லும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. அதனால் அது 14,730 குறைந்தது. ஒன்றிலிருந்து ஒன்று போக மிஞ்சியது 270. என் பையிலிருந்து நான் தரத் தயாராக இருந்த அந்தத் தொகைக்குப் பின்னால் கிட்டத்தட்ட முப்பதாயிரத்துக்குத் தவறு ஒளிந்திருந்தது. 15,000 செலுத்திவிட்டவருக்கு நிலுவை நினைவூட்டல் கடிதம் அச்சாகி, உறையில் போடப்பட்டு என் மேசையில் இருந்தது. மறுநாள் காலை அந்த உறையை அவர் எடுத்துக்கொண்டு போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கணக்குப்புலி · 9ஆம் தேதி, இரவு 9.40

என் முந்தைய குறிப்பின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். விதியைத் திரும்பப் பெறவில்லை.

கிடங்குச் சாவி · 10ஆம் தேதி, காலை 7.45

நான் கிடங்கு பார்ப்பவன். இந்த இழையில் எல்லோரும் கணக்காளரைப் பாராட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தை எங்கே, யார் முன்னால் கொடுக்கப் போகிறீர்கள்? எங்கள் நிறுவனத்தில் ஒருமுறை ஆண்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், "கிடங்கில் விட்டுப்போன சீட்டுகளை நம் கணக்காளர் கண்டுபிடித்தார்" என்று கைதட்டிப் பாராட்டினார்கள். கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. உண்மையில் என் சீட்டில் தவறே இல்லை. சரக்கு வந்த அன்றே எழுதி அனுப்பியிருந்தேன். பில்லைத் தாமதமாக அனுப்பியவர் விற்றவர், தேதி பார்க்காமல் ஏற்றியவர் வேறொருவர். அடுத்த ஆண்டு அந்தக் கணக்காளர் சீட்டு கேட்டு வந்தபோது, எழுதிக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர்மீது கோபமில்லை, ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

உதிரிபாகம் · 10ஆம் தேதி, பிற்பகல் 1.10

இது எனக்குத் தோன்றவே இல்லை. கூட்டத்தில் வாசிக்கத்தான் நினைத்திருந்தேன். எங்கள் கிடங்கிலும் சீட்டு சரியாகவே இருந்திருக்கிறது என்பதை உங்கள் குறிப்பைப் படித்தபின் மீண்டும் சரிபார்த்தேன்; மூன்று சீட்டுகளிலும் வந்த நாளின் தேதியும் நேரமும் இருக்கின்றன. அந்தச் சீட்டு ஒழுங்காக இல்லாவிட்டால் அவரால் எதையும் ஒத்துப் பார்த்திருக்கவே முடியாது.

இரவு விளக்கு · 10ஆம் தேதி, இரவு 11.40

நானும் கணக்காளர்தான், இப்போதுதான் என் ஆண்டு முடிவு முடிந்தது, ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

கடிதத்தில் "எங்களுக்கு வரியை மிச்சப்படுத்தினீர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு ஒருமுறை அப்படி ஒரு கடிதம் வந்தது. அன்போடு எழுதியதுதான். ஆனால் அது என் பணிக் கோப்பில் இருக்கிறது, தணிக்கைக்கு வருபவர் அதைப் படித்தால், எண்ணை இறக்குவதற்காக நான் பதிவு போட்டேன் என்றுதான் பொருள்கொள்வார். நான் செய்தது எண்ணைச் சரியாக்கியது. அது இறங்கியது தற்செயல். அடுத்த ஆண்டு அதே வேலை எண்ணை ஏற்றலாம். ஏறும் ஆண்டில் எனக்கு நன்றி கிடையாதா?

இன்னொன்று, விடுப்பு. கடிதத்தோடு இரண்டு நாள் விடுப்பும் கொடுக்க நினைத்தால், மாதத்தின் முதல் வாரத்தில் கொடுக்காதீர்கள். அது முந்தைய மாதக் கணக்கை முடிக்கும் வாரம். விடுப்பு முடிந்து வந்தால் அந்த இரண்டு நாள் வேலையும் மேசையில் அப்படியே காத்திருக்கும், அதற்காக மறுபடியும் இரவு உட்கார வேண்டியிருக்கும். மாத நடுவில் கொடுங்கள். அந்த நாட்களில் வரும் பில்களை யார் வாங்கி வைப்பது என்பதையும் முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

உதிரிபாகம் · 11ஆம் தேதி, இரவு 8.55

"வரியை மிச்சப்படுத்தினீர்கள்" என்பது என் இரண்டாவது வரைவின் முதல் வாக்கியம். அடித்துவிட்டேன்.

அடித்ததற்கு வேறொரு காரணமும் கோப்பிலேயே இருந்தது. ஓர் இயந்திரத்துக்குப் புதிய மோட்டார் பொருத்திய 31,000-ஐ நாங்கள் பழுதுபார்ப்புச் செலவில் எழுதியிருந்தோம். அவர் அதை அங்கிருந்து எடுத்துச் சொத்துக் கணக்கில் சேர்த்திருக்கிறார். அதனால் இலாபம் 31,000 ஏறியிருக்கிறது. மோட்டார் பொருத்தியது ஆண்டின் கடைசி வாரம் என்பதால் தேய்மானம் சொற்பம், அதை விட்டுவிடுகிறேன். ஒரு பக்கம் 84,000 இறக்கம், மறு பக்கம் 31,000 ஏற்றம். முடிவில் 53,000 இறக்கம். வரியைக் குறைப்பதே நோக்கமாக இருந்திருந்தால் அந்த மோட்டாரை அவர் தொட்டிருக்கவே மாட்டார்.

கணக்குப்புலி · 11ஆம் தேதி, இரவு 9.15

அந்த மோட்டாரை நான் ஏற்கவில்லை. பழைய மோட்டார் எரிந்துபோய், அதே திறனுள்ள இன்னொன்றைப் பொருத்தினால் இயந்திரம் முன்பிருந்த நிலைக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். அது பழுதுபார்ப்பு.

பச்சை மை · 11ஆம் தேதி, இரவு 9.50

இந்த முறை உங்களை எளிதில் மறுக்க முடியாது. அதே திறனா, கூடுதல் திறனா, இயந்திரத்தின் ஆயுள் நீண்டதா, அந்த மோட்டாரைத் தனிச் சொத்தாகப் பதிவேட்டில் வைத்திருந்தார்களா என்பதைப் பொறுத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். வரிச் சட்டமும் கணக்கு நெறியும் இதில் எப்போதும் ஒரே விடையைச் சொல்வதில்லை. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று தாளில் எழுதியிருக்கிறாரா?

உதிரிபாகம் · 11ஆம் தேதி, இரவு 10.05

ஒரு வரி எழுதியிருக்கிறார்: "பழையது 5 குதிரைத்திறன், புதியது 7.5; வேகம் கூட்டுவதற்காக மாற்றியது." அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தவன் நான். 7.5 என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

கணக்குப்புலி · 11ஆம் தேதி, இரவு 10.20

அப்படியானால் அவர் செய்தது பெரும்பாலும் சரி. முழுவதும் சரி என்று இன்னும் சொல்ல மாட்டேன். பழைய மோட்டாரின் மிச்ச மதிப்பை என்ன செய்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

உதிரிபாகம் · 12ஆம் தேதி, காலை 5.40

தூக்கம் வரவில்லை, ஆகவே எழுதுகிறேன். முதல் குறிப்பில் "அவர் பதினொரு இரவுகள் இருந்தார்" என்று எழுதினேன். ஏன் இரவில் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. நேற்றுக் கேட்டேன். கிடங்குச் சீட்டுக் கட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பகலில் அது கிடங்கில் பயன்பாட்டில் இருக்கும். கிடங்கு ஏழு மணிக்குப் பூட்டியபின்தான் கட்டு அவர் கைக்கு வரும்; காலை எட்டுக்குத் திருப்பித் தர வேண்டும். பகலில் அவருக்கு வழக்கமான பில்கள், சம்பளம், வங்கி வேலை. ஆகவே 63 சீட்டுகளை இரவில் பார்த்தது அவருடைய அர்ப்பணிப்பால் என்பதைவிட, எங்களிடம் சீட்டுக்கு நகல் இல்லாததால் என்று சொல்வதே உண்மை. என் முதல் வரைவில் எங்கள் குறையை அவருடைய குணமாக்கிப் பாராட்டியிருக்கிறேன்.

இரவு விளக்கு · 12ஆம் தேதி, காலை 8.30

இந்தக் குறிப்பையே கடிதமாகக் கொடுத்துவிடலாம்.

உதிரிபாகம் · 13ஆம் தேதி, இரவு 9.00

இன்று கொடுத்த கடிதம் இது. கூட்டத்தில் வாசிக்கவில்லை, அவருடைய அறைக்குப் போய்க் கையில் கொடுத்தேன். கிடங்கில் இருப்பவருக்கு, சீட்டுகளில் நாளும் நேரமும் தவறாமல் இருந்தது எவ்வளவு உதவியது என்று தனியாக மூன்று வரி எழுதிக் கொடுத்தேன்.

"மொத்த இலாப விகிதம் இரண்டு விழுக்காடு ஏறியிருந்ததை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன், நீங்கள் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டீர்கள். 63 சரக்கு வரவுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து, மூன்று பில்கள் தவறான ஆண்டில் ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தீர்கள். எதிர்த்திசையிலும் தேடி, அங்கே எதுவும் இல்லை என்று உறுதி செய்தீர்கள். அந்த 'எதுவும் இல்லை' என்பதை நம்பித்தான் நான் படிவத்தில் கையொப்பமிட்டேன் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. 270 வித்தியாசத்தை நான் வேடிக்கையாக்கியபோது நீங்கள் விடவில்லை. அதனால் பணம் செலுத்திவிட்ட ஒருவருக்கு நாங்கள் நிலுவைக் கடிதம் அனுப்பாமல் தப்பித்தோம். இலாபத்தை ஏற்றும் திருத்தத்தையும் இறக்கும் திருத்தத்தையும் ஒரே கண்ணோடு பார்த்தீர்கள். இவற்றுக்காக நன்றி.

பதினொரு இரவுகள் நீங்கள் பத்து மணிக்கு மேல் இருக்க நேர்ந்ததற்குக் கிடங்குச் சீட்டு ஒரே பிரதியாக இருந்தது காரணம். அதற்காக வருந்துகிறேன். இன்றிலிருந்து சீட்டு இரண்டு பிரதியாக எழுதப்படும். ஒரு பிரதி அன்று மாலையே உங்கள் மேசைக்கு வரும். இந்த மாத நடுவில் உங்களுக்கு வசதியான மூன்று நாட்களை விடுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் வரும் பில்களை நான் வாங்கி, வந்த தேதியிட்டு வைக்கிறேன்."

அவசரக்காரன் · 13ஆம் தேதி, இரவு 9.10

ஆக, பரிசு எதுவும் கொடுக்கவில்லையா?

கிடங்குச் சாவி · 13ஆம் தேதி, இரவு 9.30

மூன்று வரி எழுதியதைப் படித்தேன். இரண்டு பிரதி எழுதச் சொல்லும்போது கார்பன் தாளும் வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அங்கே ஒருவர் இரண்டு முறை எழுதிக்கொண்டிருப்பார், அடுத்த ஆண்டு நன்றிக் கடிதம் அவருக்குத் தேவைப்படும்.

உதிரிபாகம் · 14ஆம் தேதி, இரவு 8.20

கார்பன் வாங்கியாயிற்று.

கடிதம் இன்று என் மேசைக்குத் திரும்பி வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டாரோ என்று ஒரு கணம் திகைத்தேன். பார்த்தால், முதல் பத்தியின் ஓரத்தில் பச்சைப் பென்சிலால் வாக்கியத்துக்கு வாக்கியம் சரிக்குறி. அவர் கணக்குத் தாளில் இடுவதைப் போலவே. இரண்டாவது பத்தியில் "பதினொரு இரவுகள்" என்பதை வட்டமிட்டு "9" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: "சார், வாயிற்பதிவேட்டில் 11 சரி. கணக்கு வேலை 9 இரவுகள்தான். மற்ற இரண்டும் படிவத்தில் உங்கள் கையொப்பத்துக்காகக் காத்திருந்தவை. திருத்திய பிரதி கொடுத்தால் கோப்பில் வைத்துக்கொள்கிறேன்."

திருத்தி அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். காத்திருந்த இரண்டு இரவுகளையும் தனி வாக்கியமாகச் சேர்த்திருக்கிறேன். விடுப்பு 17, 18, 19 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கணக்குப்புலி · 14ஆம் தேதி, இரவு 8.35

9. சொன்னேன் அல்லவா.

பழைய மோட்டாரைப் பற்றிக் கேட்டீர்களா?